ரத்தானது மீட்டிங் மட்டுமல்ல

வியாழக்கிழமை பிற்பகல். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தின் டீம் லீடுக்கு வாடிக்கையாளரிடமிருந்து தகவல் வருகிறது. பணம் செலுத்தும் பக்கத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ் திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். அதனால் வெள்ளி இரவு நடக்க இருந்த ரிலீஸ் செவ்வாய் இரவுக்குத் தள்ளிப்போகிறது. அதைப் பற்றிப் பேச வைத்திருந்த மாலை 4 மணி மீட்டிங்கும் இனி தேவையில்லை.

அவர் முதலில் எழுதிய மெயில் இப்படித் தொடங்கியது: “அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு வாரங்களாக நீங்கள் காட்டிய உழைப்புக்கு நன்றி. உங்களுக்குத் தெரிந்தபடி, சான்றிதழ் தொடர்பாக வாடிக்கையாளருடன் பேசி வருகிறோம்...” மீட்டிங் இல்லை என்பது ஐந்தாவது வரியில் இருந்தது. கைபேசித் திரையில் தெரிவதோ தலைப்பும் முதல் ஓரிரு வரிகளும்தான். படிப்பவருக்கு வணக்கமும் நன்றியும் மட்டுமே போய்ச் சேரும்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: “இன்று 4 மணி மீட்டிங் ரத்து. ரிலீஸ் தேதி மாறியிருக்கிறது; விவரம் கீழே.”

பலர் இந்த இடத்தில் அனுப்பிவிடுவார்கள். வரி சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் முந்திக்கொண்டு நிற்பது சின்னச் செய்தி. ‘மீட்டிங் ரத்து’ என்று பார்த்ததும், ஒரு மணி நேரம் மிச்சம் என்று மெயிலை மூடிவிடுவார் டெஸ்டர். வெள்ளி இரவு தங்குவதற்காக வீட்டில் செய்துவைத்த ஏற்பாடு அப்படியே இருக்கும். ரிலீஸ் நடப்பதாக நினைத்து இரவு வண்டிக்கும் பதிவு செய்வார். யார் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யோசித்தால்தான் உண்மையான செய்தி எது என்று பிடிபடும். டீம் லீடும் அப்படித்தான் பிடித்தார்.

மூன்றாவது மெயிலின் தலைப்பு: “ரிலீஸ் வெள்ளி இல்லை, செவ்வாய் இரவு 10 மணி.” உள்ளே: “வெள்ளி இரவு யாரும் தங்க வேண்டாம். செவ்வாய் வர முடியாதவர்கள் நாளை மதியத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை ரிலீஸ் பிராஞ்சில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இன்றைய 4 மணி மீட்டிங் ரத்து. காரணம்: சான்றிதழ் திங்கட்கிழமைதான் வருகிறது.” நன்றி கடைசிக்குப் போனது. அதற்கு அந்த இடமே போதும்.

அமெரிக்க ராணுவம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. அதன் கடிதப் போக்குவரத்து விதிமுறை 25-50, முக்கியச் செய்தியைத் தொடக்கத்திலேயே சொல்லச் சொல்கிறது. ஆனால் ஒருவரின் வேலை போகிறது என்பது போன்ற செய்திக்கு இந்த முறை பொருந்தாது. அதை அவரை நேரில் அழைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவுட்லுக்கில் மீட்டிங்கை ரத்து செய்தால் `Canceled:` என்ற தலைப்போடுதான் அறிவிப்பு போகும். பெற்றவர் `Remove from Calendar` பொத்தானை அழுத்தினால், உள்ளே எழுதிய குறிப்பு படிக்கப்படாமலே போகலாம். எனவே தேதி மாற்றத்தைத் தனி மெயிலில் முதலில் அனுப்புங்கள். காலண்டர் ரத்தை அதன் பிறகு செய்யுங்கள்.