மழைக்கு முன் வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம்

சென்னையில் சில வீடுகளை உரிமையாளர்கள் சார்பில் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குக் கடிதம் எழுதுவேன். அவற்றில் செப்டம்பர் கடிதம்தான் முக்கியமானது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். ஈரம் காயாத தளத்தில் ஒழுகலுக்கான பூச்சு ஒட்டாது என்பதால், மொட்டை மாடி வேலையை அதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

மழைநீர்க் குழாயின் வாயைச் சாக்கால் அடைத்து, மாடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். கீழே கூரையில் ஈரத்திட்டு தெரிந்தால் குறை தளத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தட்டோட்டு இணைப்புகளிலோ, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலோதான் விரிசல் இருக்கும். கோடையிலும் காயாத திட்டு என்றால் சந்தேகப்பட வேண்டியது மேல்வீட்டுக் குளியலறைக் குழாயை. இதைப் பிரித்தறியாமல் உப்புப் பூத்த சுவருக்கு வெள்ளையடிப்பது வீண் செலவு; அடுத்த மழையிலேயே பெயிண்ட் உரிந்துவிடும்.

"குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளட்டுமே" என்று சிலர் கேட்பதுண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, கட்டட அமைப்பைச் சார்ந்த பழுது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. சொல்லியும் உரிமையாளர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே பழுதுபார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 18,000 ரூபாய், செலவு 24,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மாதம் 9,000, மூன்றாம் மாதம் 6,000 எனக் கழியும்.

அடுத்த கேள்வி, வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பது. இணையத்தில் பார்க்கும் வாடகை கேட்கும் விலைதான், அதை நம்பாதீர்கள். உங்கள் தெருவில் கடந்த ஆறு மாதத்தில் குடிவந்த இரண்டு மூன்று பேர் உண்மையில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதே 18,000 ரூபாய் வீட்டுக்கு மாதம் ஆயிரம் கூட்டினால் வருடத்துக்கு 12,000 கிடைக்கும். அந்த ஆயிரத்துக்காக நல்ல குடும்பம் காலிசெய்து வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால், இழப்பு 36,000. அதை ஈடுகட்ட மூன்று வருடம் ஆகும், தரகுக் கூலியும் பெயிண்ட் செலவும் தனி. ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்திடம் மிதமாகக் கேட்பதே சரி என்பது என் முடிவு.

உயர்வை வாய்வார்த்தையாகச் சொல்லி விடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், புது வாடகைக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஜனவரி 1 முதல் உயர்வு வேண்டுமென்றால், உங்கள் கடிதம் செப்டம்பர் 30-க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.