எந்தச் சட்டியில் ஊற்றிய சோப்பு?

"அக்கா, உங்க வெட்டிவேர் சோப்புல ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா வந்திருக்கு. பூஞ்சையா?" என்று ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சோப்பு செய்து விற்கும் அந்த அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பூஞ்சை இல்லை. எண்ணெய் கெட்டதால் வரும் புள்ளி. பதில் சொல்லிவிடலாம், புதுச் சோப்பும் அனுப்பிவிடலாம். ஆனால் அவர் இதே சோப்பை இன்னும் முப்பது நாற்பது வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார். அவற்றில் எத்தனைக்கு இந்தப் புள்ளி வரும் என்பதற்குத்தான் அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

சோப்பு உறையில் "தயாரிப்பு: ஜூன் 2025" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அந்தப் பதில் கிடைக்காது. ஜூன் மாதத்தில் அவர் ஆறேழு சட்டி ஊற்றியிருப்பார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டு அழகுப் பொருள் விதிகள், 10 கிராமுக்கு மேற்பட்ட கிரீம் டப்பா என்றால் பேட்ச் எண் கட்டாயம் என்கின்றன. சோப்புக்கு மட்டும் பேட்ச் எண்ணுக்குப் பதிலாகத் தயாரித்த மாதமும் ஆண்டும் போட்டால் போதும் என்று சலுகை தருகின்றன. ஒரே நாளில் டன் கணக்கில் ஓட்டும் ஆலைக்கு அது சரிப்படலாம். ஒன்றரைக் கிலோ சட்டியில், ஒவ்வொரு முறையும் வேறு டின் எண்ணெயை ஊற்றிச் செய்பவருக்கு அந்தச் சலுகையால் நஷ்டம்தான்.

பேட்ச் என்பது ஒரு சட்டி. ஒன்றாகக் கலந்து, ஒன்றாக அச்சில் ஊற்றியது மட்டுமே ஒரு பேட்ச். காலையில் ஒரு சட்டி, மாலையில் அதே செய்முறையில் இன்னொரு சட்டி என்றால் இரண்டு எண். ஒரே கலவையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மஞ்சள் சேர்த்தாலும் இரண்டு எண்தான். எண்ணை அழகாக அமைக்க மெனக்கெட வேண்டாம். 03-250614-2 என்றால் மூன்றாம் வகைச் சோப்பு, 2025 ஜூன் 14, அன்றைய இரண்டாவது சட்டி. ஆண்டு முதலில் வருவதால், ஒவ்வொரு வகையும் கணினியில் தேதி வரிசையில் தானாக நிற்கும்.

எண் தொலைந்துபோகும் இடம் உறை ஒட்டும் மேசை அல்ல. அதற்கு முன்பே, காயவைக்கும் அலமாரியில் தொலைகிறது. குளிர்முறையில் செய்த சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும். அந்த இடைவெளியில் இடம் போதாமல் தட்டை மாற்றுவோம், இரண்டு தட்டில் மிச்சமிருப்பதை ஒன்றாக்குவோம். வெள்ளைச் சோப்புக்கு வெள்ளைச் சோப்பு வித்தியாசம் தெரியாது. அதனால் அச்சில் ஊற்றிய உடனே எண் எழுதிய சீட்டு அச்சின் மேல் ஒட்ட வேண்டும். வெட்டியதும் அதே சீட்டு தட்டுக்கு மாற வேண்டும். உறை ஒட்டும் நாளில் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எண் அச்சிட வேண்டும். நினைவிலிருந்து எழுதும் எண் எதற்கும் உதவாது.

இனி அந்த எண்ணுக்குப் பின்னால் நோட்டில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம். 600 கிராம் தேங்காய் எண்ணெய், 300 கிராம் தவிட்டெண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய். இதற்குக் காஸ்டிக் சோடா சுமார் 154 கிராம், தண்ணீர் 310 கிராம். எண்ணெயில் ஐந்து சதவீதம் சோப்பாக மாறாமல் மிச்சம் நிற்கும்படி போட்ட கணக்கு இது; தோல் வறளாமல் இருக்க அப்படி விடுவது வழக்கம். செய்முறை இதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதிப் பயனில்லை. பேட்ச் நோட்டில் எழுத வேண்டியது அன்று தராசு காட்டிய எடை. 302 கிராம் விழுந்திருந்தால் 302 என்றே எழுத வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அந்த டின்னிலோ பாக்கெட்டிலோ உள்ள பேட்ச் எண்ணும், அதைத் திறந்த தேதியும் இருக்க வேண்டும்.

திறந்த தேதி காஸ்டிக் சோடாவுக்கும் முக்கியம். மூடி சரியாக இறுகாத டப்பாவில் அது காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். அப்புறம் 154 கிராம் நிறுத்தாலும் அவ்வளவு காரம் அதில் இருக்காது. சோப்பு கொழகொழவென்று நிற்கும், எண்ணெய் கணக்குக்கு மேல் மிச்சமாகும். பிறகு, எத்தனை கட்டி வந்தது, வெட்டும்போது எடை என்ன, காய்ந்தபின் என்ன. மேலே சொன்ன கலவையில் 115 கிராம் கட்டிகளாக ஒரு டஜன் தேறும்; காய்ந்து முடியும்போது ஒவ்வொன்றும் 100 கிராம் அளவுக்கு வந்துவிடும். உறையில் போடும் நிகர எடை காய்ந்தபின் நிறுத்ததாக இருக்க வேண்டும். பன்னிரண்டில் ஒன்றை எடுத்து, எண் எழுதி, பெட்டியில் வைத்துவிட வேண்டும். அது விற்பனைக்கு இல்லை. மிச்சம் பதினொன்றும் எந்தெந்த பில்லில் போயின என்பது நோட்டின் கடைசி வரி.

இப்போது அந்த ஆரஞ்சுப் புள்ளிக்கு வருவோம். அக்டோபரில் புகார் வந்த சோப்பு 03-250614-2. முதல் வேலை, பெட்டியில் வைத்த அதே எண் கட்டியை எடுத்துப் பார்ப்பது. அதில் புள்ளி இல்லாவிட்டால் சந்தேகம் வாடிக்கையாளரின் குளியலறை மீதோ, கடை அலமாரி மீதோ போகும். இருந்தால் கோளாறு நம் வீட்டில். இங்கே இருக்கிறது, மோந்து பார்த்தால் பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் லேசாக அடிக்கிறது.

அடுத்து நோட்டு. அந்தச் சட்டியில் ஊற்றிய தவிட்டெண்ணெய் டின் மார்ச் 20 அன்று திறந்தது. அதாவது ஏப்ரல், மே வெயில் முழுவதும் திறந்த டின்னாக அடுப்படியில் இருந்திருக்கிறது. டின் மேல் இருந்த காலாவதித் தேதி இன்னும் தாண்டவில்லை. ஆனால் அந்தத் தேதி மூடிய டின்னுக்கு. தேங்காய் எண்ணெய் வெயிலைத் தாங்கும், தவிட்டெண்ணெய் அந்த அளவுக்குத் தாங்காது. அதே டின்னிலிருந்து வேறு எந்தச் சட்டிக்கு எண்ணெய் போனது என்று நோட்டைப் புரட்டினால் மூன்று எண்கள் கிடைக்கின்றன: ஜூன் 10, ஜூன் 14 முதல் சட்டி, ஜூன் 21. அந்த மூன்றின் மாதிரிக் கட்டிகளில் இரண்டில் புள்ளி, ஒன்றில் வாடை மட்டும். ஜூன் 22-இல் திறந்த புது டின்னில் செய்தவை எல்லாம் சுத்தம். ஆக, நான்கு சட்டி, விற்றது 44 கட்டி. அந்த பில்களுக்கு மட்டும் சொன்னால் போதும்.

நான்கில் ஒரே ஒரு சட்டியில் மட்டும் புள்ளி வந்திருந்தால் எண்ணெயைக் குறை சொல்ல முடியாது. அன்று மட்டும் போர்த் தண்ணீர் ஊற்றினோமா, வேறு தட்டில் காயவைத்தோமா என்று பார்க்க வேண்டும். தண்ணீரிலோ, துருப்பிடித்த கம்பித் தட்டிலோ இருக்கும் இரும்பு எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீர் வாங்கும் செலவு இதற்குத்தான். நோட்டில் "தண்ணீர்" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

காலாவதித் தேதியும் இந்த நோட்டிலிருந்தே வர வேண்டும். "சோப்பு இரண்டு வருஷம் தாங்கும்" என்று யாரோ சொன்னதை அப்படியே அச்சிடுவது பரவலாக நடக்கிறது. சோப்பில் கிருமி வளராது, அதன் காரம் விடாது. கெடுவது அந்த மிச்ச எண்ணெய்தான். எனவே கலந்த எண்ணெய்களில் எது முதலில் காலாவதியாகிறதோ அந்தத் தேதியைத் தாண்டி சோப்புக்குத் தேதி போடாமல் இருப்பது எச்சரிக்கையான வழக்கம். அது மிகக் குறுகியதாகத் தோன்றினால், புது எண்ணெய் வாங்கிச் செய்ய வேண்டும். நீண்ட தேதி போட விரும்புகிறவர், மாதிரிக் கட்டிகளை மாதம் ஒருமுறை பார்த்து, நிறமும் வாடையும் எழுதி, தன் செய்முறை உண்மையில் எத்தனை மாதம் தாங்குகிறது என்று காட்டட்டும்.

கிரீம் வேறு சாதி. அதில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். கெட்ட சோப்பு புள்ளி போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட கிரீம் பார்க்கப் பளிச்சென்றே இருக்கலாம். "பதப்படுத்தி சேர்க்கவில்லை, வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறேன்" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு பிடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்; கிருமியை ஒன்றும் செய்யாது. தோட்டத்துக் கற்றாழையை அரைத்து, பதப்படுத்தி இல்லாமல் கலந்த கிரீமுக்கு நேர்மையாக எழுதக்கூடிய தேதி எதுவும் இல்லை.

அதனால் கிரீம் நோட்டில் சோப்பு நோட்டில் இல்லாத மூன்று வரிகள் வேண்டும். பதப்படுத்தியின் எடை, அதைச் சேர்த்தபோது கலவையின் சூடு, கடைசியில் அமிலத்தன்மை அளவு. அரைக் கிலோ கிரீமுக்கு ஒரு சதவீதம் என்றால் ஐந்து கிராம். கிராம் கிராமாக மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் 5 என்று தெரிந்தால் அது நாலரையாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம். நகைத் தராசு மாதிரி நுண்ணிய தராசு இங்கே அவசியம். சோடியம் பென்சோயேட் போன்றவை பி.எச். ஐந்தரைக்கு மேல் போனால் ஏறக்குறைய வேலை செய்யாது. அந்த எண்ணை எழுதாத பேட்சில் பதப்படுத்தி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டப்பாவை 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்க்கும் சோதனை, கிரீம் பிரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று சொல்லும். பதப்படுத்தி கிருமியைத் தாங்குகிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் கிருமியை வேண்டுமென்றே கலந்து 28 நாள் கவனிக்கும் சோதனை வேண்டும். அந்த அறிக்கை அந்தச் செய்முறைக்கும் அந்த டப்பாவுக்கும்தான் பொருந்தும். விரல் விட்டு எடுக்கும் வாய் அகன்ற டப்பாவும் பம்ப் பாட்டிலும் ஒன்றல்ல.

எண்ணை டப்பாவின் உடம்பில் ஒட்ட வேண்டும், மூடியில் அல்ல. வீட்டில் இரண்டு கிரீம் இருந்தால் மூடி மாறிவிடும். வெளி அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால், அது வந்த அன்றே குப்பைக்குப் போய்விடும். எண்ணெய்க் கை பட்டால் மார்க்கர் எழுத்து அழியும். பில் மெஷின் காகிதத்தில் அடித்த எழுத்து வெயிலில் மங்கும்.

சோப்போ கிரீமோ செய்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் ஒவ்வொரு பேட்சின் விவரத்தையும் மூலப்பொருள் விவரத்தையும் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தப்பாக எழுதியதை ஒயிட்னர் போட்டு மறைக்காமல், ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போடுவது நல்லது.

நோட்டு சரியாக இருக்கிறதா என்று புகார் வருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு டப்பாவை எடுத்து, அதில் போன ஒவ்வொரு பொருளின் பேட்ச் எண்ணையும் கண்டுபிடியுங்கள். பிறகு ஏதாவது ஒரு எண்ணெய் டின்னை எடுத்து, அது எந்தெந்த வாடிக்கையாளர் வரை போயிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது தேடல் கண்காட்சிக் கடையில் போய் நிற்கும். அங்கே ரொக்கம் வாங்கி, பில் போடாமல் கொடுத்திருப்போம். அந்த வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடிக்க வழியில்லை. எந்த எண் கட்டிகள் எந்தக் கண்காட்சியில் எத்தனை போயின என்பதையாவது அன்று மாலையே எழுதிவிட்டால், உறையில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணும் இருந்தால், அறிவிப்பில் "இந்த எண் போட்ட சோப்பு மட்டும்" என்று சொல்லவாவது முடியும்.