ஐந்து படிகளில் வேகக் கணக்கு

வேகக் கணக்கில் திணறும் பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. தூரம் = வேகம் × நேரம் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கேள்வி நான்கு வரிக்கு நீண்டதும், எந்த எண்ணை எதோடு சேர்ப்பது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தூரம், வேகம், நேரம் மூன்றில் இங்கே மாறாமல் இருப்பது எது? கீழே உள்ள ஐந்து கணக்குகளும் ஒன்றைவிட ஒன்று சற்றே கடினம். குறிப்பைப் படித்ததும் விடையைப் பார்க்காமல் முயன்று பாருங்கள்.

முதல் படி

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்து 150 கி.மீ. செல்ல எவ்வளவு நேரமாகும்?

குறிப்பு: தூரத்தை வேகத்தால் வகுக்கவும்.

150 ÷ 60 = 2.5 மணி. பலர் இதை 2 மணி 50 நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். 0.5 மணி என்பது அரை மணி. ஆகவே விடை 2 மணி 30 நிமிடம்.

இரண்டாம் படி

150 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. 300 மீட்டர் நீளமுள்ள பாலத்தை முழுவதும் கடக்க எத்தனை வினாடி ஆகும்?

குறிப்பு: கடைசிப் பெட்டி பாலத்தை விட்டு இறங்கினால்தான் கடந்ததாகக் கணக்கு.

எஞ்சின் பாலத்தில் ஏறியதிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை ரயில் நகரும் தூரம் 300 + 150 = 450 மீட்டர். வேகத்தையும் மீட்டருக்கு மாற்ற வேண்டும். ஒரு மணிக்கு 54,000 மீட்டர். அதை 3,600 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 15 மீட்டர். 450 ÷ 15 = 30 வினாடி.

மூன்றாம் படி

120 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன?

குறிப்பு: மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கவும்.

40-ஐயும் 60-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 50 என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே மாறாதது தூரம், நேரம் மாறுகிறது. போக 3 மணி, வர 2 மணி. 240 ÷ 5 = 48 கி.மீ. மெதுவான வேகத்தில் கூடுதல் நேரம் ஓடுவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

நான்காம் படி

ஒரு மாணவி மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஓட்டினால் பள்ளிக்கு 5 நிமிடம் தாமதமாகிறது. 15 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 5 நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுகிறார். பள்ளி எவ்வளவு தூரம்?

குறிப்பு: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகிறது என்று பாருங்கள்.

12 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம்; 15 கி.மீ. வேகத்தில் 4 நிமிடம். ஆக, கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மிச்சம். 5 நிமிடம் பிந்துவதற்கும் 5 நிமிடம் முந்துவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் 10 நிமிடம். எனவே தூரம் 10 கி.மீ. சரிபார்ப்போம்: முதல் வேகத்தில் 50 நிமிடம், அடுத்ததில் 40 நிமிடம்; வித்தியாசம் 10.

ஐந்தாம் படி

காலை 6 மணிக்கு ஒரு பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. அதே சாலையில் 7.30-க்கு ஒரு கார் 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. ஒரு மணி நேரம் ஓடியதும், டீ குடிக்க 15 நிமிடம் நிற்கிறது. பிறகு அதே வேகத்தில் போகிறது. பேருந்தை எப்போது பிடிக்கும்?

குறிப்பு: ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதுங்கள்.

7.30-க்கு இடைவெளி 60 கி.மீ. கார் ஓடும்போது அது மணிக்கு 20 கி.மீ. குறைகிறது. எனவே 8.30-க்கு 40 கி.மீ. கார் நிற்கும் கால் மணியில் பேருந்து 10 கி.மீ. போய்விடுவதால், 8.45-க்கு இடைவெளி 50 கி.மீ. அதைக் குறைக்க 50 ÷ 20 = 2.5 மணி. விடை காலை 11.15.

பிடிக்கும் இடத்தில் இரண்டும் ஓடிய தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். பேருந்து 5¼ மணியில் 210 கி.மீ.; கார் ஓடிய 3½ மணியில் 210 கி.மீ. சரியாக வருகிறது.

இங்கே பலர் எழுதும் தவறான விடை 10.45. கார் நிற்காமல் போயிருந்தால் 10.30-க்குப் பிடித்திருக்கும், அதோடு 15 நிமிடத்தைக் கூட்டிவிடுகிறார்கள். நின்ற நேரத்தில் பேருந்து முன்னேறிய 10 கி.மீ.-ஐ எட்டிப்பிடிக்க இன்னும் அரை மணி வேண்டும். கால் மணி நின்றதற்கு முக்கால் மணி தாமதம்!

அந்தக் கார் அரை மணி நேரம் நின்றிருந்தால்? இடைவெளிகளை எழுதிப் போட்டுப் பாருங்கள். விடை பகல் 12 மணி என்று வர வேண்டும்.