சரக்கு எடுக்கும் முன்

புதிய பொருள் விலைபோகுமா என்பதைச் சரக்கில் பணம் போடுவதற்கு முன்பே ஓரளவு அறியலாம். 1999இல் அமெரிக்காவில் இணையம் வழியே காலணி விற்க எண்ணிய நிக் ஸ்வின்மர்ன், கிடங்கு எதுவும் பிடிக்கவில்லை. உள்ளூர்க் கடையில் இருந்த ஷூக்களைப் படமெடுத்து இணையதளத்தில் போட்டார்; ஆர்டர் வந்ததும் அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். லாபம் இல்லை. ஆனால் போட்டுப் பார்க்காத காலணிக்கு மக்கள் பணம் கட்டுவார்கள் என்பது தெரிந்தது. அதுதான் பின்னாளில் சாப்போஸ் நிறுவனமாக வளர்ந்தது.

வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்பவர் ஒருவர், அதே துணியில் குர்தி விற்க நினைப்பதாகக் கொள்வோம். தைத்துக் கொடுப்பவர் குறைந்தது 40 உருப்படி கேட்கிறார். அடக்கவிலை 450 ரூபாய் என்றால் 18,000 ரூபாய் முடங்கும். சோதனைக்கு இரண்டு மாதிரி போதும்.

வாக்கெடுப்பில் 'இது பிடிக்குமா?' என்று கேட்டுப் பயனில்லை. தெரிந்தவரிடம் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வாட்ஸ்அப் குழுவில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரிவதால் தாட்சண்யம் இன்னும் கூடும். முக்கால் கையா அரைக் கையா, மஞ்சளா கருநீலமா என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். வாங்குவார்களா என்பதை மட்டும் வாக்கு சொல்லாது.

அதைச் சொல்வது விலை போட்ட படம். படம் தைத்த மாதிரியுடையதாகவே இருக்க வேண்டும். வேறெங்கோ எடுத்த படத்துக்கு வரும் வரவேற்பு அந்தப் படத்துக்கானது. பகல் வெளிச்சத்தில், ஒருவர் அணிந்து நீளம் தெரியும்படி ஒன்று, புள்ளியும் தையலும் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று எடுத்தால் போதும். கீழே விலை 750 ரூபாய், முன்பணம் 200 ரூபாய், குறித்த தேதிக்குள் போதிய ஆர்டர் சேராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று தெளிவாக எழுத வேண்டும். தைக்காததைக் கையிருப்பு என்று காட்டுவது ஏமாற்று.

எத்தனை பேர் கட்டினால் இறங்குவது என்பதையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். பிறகு முடிவுசெய்தால் ஆசை கணக்கைத் திருத்திவிடும். இங்கே 24 குர்தி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அதில் பாதியாவது, அதாவது 12 முன்பணம், வந்தாக வேண்டும் என்பது நியாயமான வரம்பு. படத்தை 200 பேர் பார்த்து, 60 பேர் வாக்களித்து, 25 பேர் அளவு விசாரித்து, 8 பேர் மட்டும் பணம் கட்டினால், கணக்கில் சேர்வது அந்த 8தான். அதிலும் ஐந்து பேர் உறவினர் என்றால் அவர்களைக் கழித்துவிட வேண்டும். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அல்லது கூலி கூடுதலானாலும் பத்து உருப்படி மட்டும் தைத்துத் தருபவரைத் தேடலாம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வரும் ஆர்டரை வைத்து ஆடி மாதத்துக்குத் தைக்கக் கூடாது. மேலும், பார்த்தவர்கள் எல்லோரும் சேலை வாங்க வந்தவர்கள். கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் குர்தி அணிந்து செல்லும் பெண்கள் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், பொருளைக் கைவிடும் முன் அதே படத்தை அவர்களிடமும் ஒருமுறை காட்டிப் பார்க்க வேண்டும்.