முப்பது விநாடியில் ஒரு சுங்குடி

கல்லூரி ஃபேஷன் ஷோவில் ஒரு மாணவி திரையை விலக்கி வந்து, மேடை நுனியில் நின்று, திரும்பிப் போக ஏறக்குறைய முப்பது விநாடி ஆகும். நிதானமாகப் பேசினால் அதற்குள் நாற்பது சொற்கள் அடங்கும். தொகுப்பாளரின் கையில் இருப்பது அவ்வளவுதான்.

பலர் அந்த நாற்பதையும் "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் அழகு" என்பது போன்ற வரிகளில் தீர்த்துவிடுகிறார்கள். எந்த உடைக்கும் பொருந்தும் வரி, எதிரே வரும் உடையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பார்வையாளரின் கண் போகும் வழியிலேயே சொற்களும் போக வேண்டும். உள்ளே வரும்போது உடையின் பெயரும் துணியும். நுனியில் நிற்கும்போது அருகில் பார்த்தால்தான் தெரியும் வேலைப்பாடு. திரும்பிப் போகையில் அது எதிலிருந்து பிறந்தது, யார் வடிவமைத்தது என்ற செய்தி.

மதுரைச் சுங்குடியில் தைத்த ஒரு நீளக் கவுன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கலாம்: "அரக்குச் சிவப்பில் கணுக்கால் வரை இறங்கும் பருத்திக் கவுன். துணி, மதுரைச் சுங்குடி. இந்த வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, பிறகு அவிழ்த்தபோது கிடைத்தது. பாட்டியின் பழைய சேலையைப் பார்த்து இதை வடிவமைத்தவர், மூன்றாம் ஆண்டு மாணவி..." இங்கே பெயர்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சிட்டது. அதைக் கையால் முடிந்தது என்று மைக்கில் அறிவித்தால், நாளெல்லாம் உட்கார்ந்து முடிச்சுப் போடும் பெண்களின் உழைப்பை அச்சுக்குத் தாரை வார்த்ததாகிவிடும். ஒத்திகையின்போதே துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். முடிச்சுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று சற்றே அளவு மாறும், ஓரம் கலங்கியிருக்கும். அச்சுப் புள்ளிகள் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். அச்சு என்று தெரிந்தால் "சுங்குடிப் புள்ளி அச்சிட்ட பருத்தி" என்றே சொல்லலாம். உடைக்கு அதனால் குறை எதுவும் இல்லை.

உடுத்தியவரின் நிறம், உடல்வாகு பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அறிமுகம் ஆடைக்கு.

மேடைக்குப் பின்னால் ஜிப் சிக்கும், ஊக்கு தொலையும், ஏழாவது ஆள் ஆறாவதாக வந்து நிற்பார். அதனால் உடைக்கு ஓர் அட்டை என்று தனித்தனியாக எழுதி, மேல் மூலையில் எண்ணைப் பெரிதாகப் போட்டுக்கொள்வது நல்லது. சேர்த்துப் பின் அடித்த தாள்களை அவசரத்தில் முன்பின்னாகப் புரட்ட முடியாது. எண்ணில்லாத இரண்டு அட்டைகளும் கூடவே இருக்கட்டும். அடுத்து வருவது நீலகிரித் தோடர்களின் பூத்தையல் என்றால், அவர்கள் துணியில் கோடு எதுவும் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைப்பதை அந்த அட்டை சொல்லும். ஊக்கு கிடைக்கும்வரை அரங்கம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.