மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலையா? சம்ப்புக்குள்ள பாருங்க!

மோட்டார் சத்தம் கேட்கிறது. மாடித் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மோட்டாரின் மேல் திருகைக் கழற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ஏறிவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. இப்படி என்றால் மோட்டாரைத் திட்ட வேண்டாம், பெரும்பாலும் குற்றவாளி ஃபுட் வால்வுதான்.

சம்ப்புக்கு மேலே வைக்கும் சாதாரண மோனோபிளாக் மோட்டாருக்குக் காற்றை இழுக்கத் தெரியாது. உறிஞ்சு குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைப்பது குழாயின் அடிநுனியில் உள்ள ஃபுட் வால்வு. அதன் மூடிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே போதும், ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் காலியாகிவிடும். வெறும் குழாயோடு மோட்டாரை ஓடவிட்டால் ஷாஃப்ட் சீல் சூடாகிக் கெட்டுப்போகும். அதை மாற்றுவதுதான் பெரிய செலவு.

கண்டுபிடிப்பது சுலபம். மெயினை அணைத்துவிட்டு, மேல் திருகு வழியாகத் தண்ணீரை விளிம்புவரை ஊற்றிப் பத்து நிமிடம் கவனியுங்கள். மட்டம் இறங்கினால் வெளியே தெரியும் குழாய் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் கோளாறு இணைப்பில். எல்லாம் காய்ந்திருந்தால் ஃபுட் வால்வை வெளியே எடுத்துக் கழுவி, ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது சம்ப் தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் நிறுத்துங்கள். அடியில் படிந்த சேறு உள்ளே வராது.

ஒய் ஸ்ட்ரெய்னர் தரும் தொல்லை வேறு மாதிரி. தண்ணீர் ஏறும், ஆனால் 20 நிமிடத்தில் நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டிக்கு 40 நிமிடம் ஆகும். சில நேரம் மோட்டாருக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வரும். சல்லடை அடைத்துக்கொண்டு மோட்டார் தண்ணீருக்குத் திணறுகிறது என்று அர்த்தம்.

இதை மோட்டாருக்குச் சற்று முன்னால், உடம்பில் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்தபடியும், சாய்ந்த கால் கீழ்நோக்கியும் மாட்ட வேண்டும். 'நுண்ணிய சல்லடைதான் நல்லது' என்று கடைக்காரர் சொன்னாலும் உறிஞ்சு பக்கத்துக்கு அது வேண்டாம், சீக்கிரம் அடைத்துவிடும். மோட்டாரை உடைக்கும் மணல், பிவிசி துருவல் நின்றால் போதும். தண்ணீர் மட்டம் மோட்டாருக்கு 20 அடிக்கும் கீழே என்றால் ஒய் ஸ்ட்ரெய்னரே இல்லாமல் இருப்பது மேல். அந்த ஆழத்தில் மோட்டாரின் இழுக்கும் சக்தி ஏறக்குறைய எல்லையில்தான் இருக்கும்.

சுத்தம் செய்ய, மெயினை அணைத்து, காலின் மூடியைக் கழற்றி, சல்லடையை உருவி பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். மாட்டும்போது மூடியின் வாஷர் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் அந்த வழியாகவே காற்று புகுந்துவிடும். பிறகு மறக்காமல் மேல் திருகில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளில் முதலில் கேட் வால்வை அடைக்காவிட்டால் முகத்தில் பீய்ச்சிவிடும்.

புது வீட்டில் முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவலாம். சம்ப் கழுவிய மறுநாளும், லாரித் தண்ணீர் இறக்கிய பிறகும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.