அந்தரங்க மொழி மறுப்பும் விதி பின்பற்றல் புதிரும்: ‘பிழை’ என்னும் கருத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

லுட்விக் விட்கன்ஸ்டைனின் ‘மெய்யியல் ஆய்வுகள்’ என்னும் நூலில் இடம்பெறும் அந்தரங்க மொழி மறுப்பு, நினைவாற்றலின் நம்பகமின்மையைச் சுட்டும் வாதமாகச் சில வேளைகளில் கொள்ளப்படுகிறது. அவ்வாறன்றி, பிழை என்பதற்கே இடமில்லாத ஒரு நிலையை அது சுட்டுகிறது என்பதையும், அந்நூலின் முற்பகுதியில் எழும் விதி பின்பற்றல் புதிருடன் சேர்த்துப் படிக்கும்போதே அதன் வலு புலனாகும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

‘மெய்யியல் ஆய்வுகள்’ விட்கன்ஸ்டைன் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1953இல் வெளிவந்தது. அதன் 243ஆம் பத்தி, பேசுபவர் ஒருவரால் மட்டுமே புரிந்துகொள்ளத்தக்க மொழி ஒன்று இயலுமா என வினவுகிறது. இங்குக் கருதப்படுவது மறைகுறியீட்டு மொழியன்று. எத்தகைய மறைகுறியீட்டையும் பிறர் கற்றுக்கொள்ள இயலும். தம் அகவுணர்வுகளை மட்டுமே சொற்களின் பொருளாகக் கொண்டு, அதனாலேயே பிறரால் கற்க இயலாததாக அமையும் மொழியே இங்கு ‘அந்தரங்க மொழி’ எனப்படுகிறது.

நாட்குறிப்பும் நினைவும்

258ஆம் பத்தியில் விட்கன்ஸ்டைன் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். ஒருவருக்குக் குறிப்பிட்ட உணர்வு ஒன்று அவ்வப்போது தோன்றுகிறது. அவர் அதன்மீது கவனத்தைக் குவித்து, அதற்கு ‘எஸ்’ என்னும் குறியை இடுகிறார். அவ்வுணர்வு தோன்றும் நாள்தோறும் அக்குறியை நாட்குறிப்பில் எழுதுகிறார். அவ்வுணர்வை வேறு சொற்களாலோ புறநிலை அடையாளங்களாலோ விளக்க இயலாது என்பது இங்கு நிபந்தனை. பின்னொரு நாள் அவர் ‘எஸ்’ என எழுதும்போது, சரியாகத்தான் எழுதினார் என்பதை எது முடிவு செய்யும்? அவருக்குச் சரியெனத் தோன்றுவதைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை. எனவே, அங்குச் ‘சரி’ என்று பேசுவதற்கே இடமில்லை என்கிறார் விட்கன்ஸ்டைன்.

இதற்கு ஏ. ஜே. அயர் 1954இல் ஒரு மறுப்பை முன்வைத்தார். எந்தச் சரிபார்ப்பும் இறுதியில் ஏதோ ஒன்றை அடையாளங்காணும் செயலிலேயே முடிகிறது. புறப்பொருளை அடையாளங்காண்பதில் நம் திறனை நம்பலாம் என்றால், அகவுணர்வில் மட்டும் ஏன் நம்பக்கூடாது என்பது அவர் வினா. நாட்குறிப்பு வாதம் நினைவின் பலவீனத்தைப் பற்றியது என்றால் இம்மறுப்பு வலுவானதே.

ஆனால், 265ஆம் பத்தியில் வரும் தொடர்வண்டிக் கால அட்டவணை வேறொன்றை உணர்த்துகிறது. வண்டி புறப்படும் நேரத்தை ஒருவர் தவறாக நினைவுகூரலாம். அதைத் தவறு என்று சொல்ல முடிவது, நினைவுக்கு வெளியே அட்டவணை ஒன்று உண்மையில் இருப்பதால்தான். நாட்குறிப்பாளரிடமோ, நினைவுகூரப்பட வேண்டிய பொருள்வரையறையே இன்னும் நிலைபெறவில்லை. அவர் நினைவு பழுதற்றது என்று கொண்டாலும் இக்குறை நீங்காது; தொடக்கத்தில் செய்த ‘பெயரிடல்’ எதை விதியாக நிறுவியது என்ற வினா எஞ்சி நிற்கும்.

விதி பின்பற்றல் புதிர்

ஒரு முறை கவனத்தைக் குவித்துப் பெயரிடுவது, எதிர்காலப் பயன்பாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் விதியை நிறுவ வல்லதா? இவ்வினாவுக்கான அடித்தளம் நூலின் 185ஆம் பத்தியிலேயே இடப்படுகிறது. இரண்டிரண்டாகக் கூட்டி எழுதக் கற்ற மாணவன் 1000 வரை முறையாக எழுதுகிறான். அதன்பின் 1004, 1008 எனத் தொடர்கிறான். தான் முன்பு செய்தவாறே செய்வதாகவும் கூறுகிறான். அதுவரை கொடுக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள் யாவும் அவன் வாசிப்புக்கும் இயைந்தவையே.

சால் கிரிப்கி 1982இல் வெளியிட்ட நூலில் இப்புதிரைக் கூர்மைப்படுத்தினார். ஒருவர் இதுவரை 57க்குக் குறைந்த எண்களையே கூட்டியுள்ளார் எனக் கொள்வோம். இப்போது 68உடன் 57ஐக் கூட்டி 125 என்கிறார். ஐயவாதி ஒருவர் குறுக்கிட்டு, இதுவரை அவர் கருதியது கூட்டலை அன்று, ‘குவஸ்’ என்னும் வேறொரு செயலை என்கிறார். இரு எண்களும் 57க்குக் குறைந்தவையாயின் ‘குவஸ்’ கூட்டலின் விடையையே தரும். இல்லையேல் எப்போதும் 5ஐத் தரும். அவ்வாறாயின் இப்போது வரவேண்டிய விடை 5. அவர் கருதியது கூட்டலையே என்று காட்டும் மெய்ம்மை எது?

‘125 என விடையளிக்கும் இயல்பு அவரிடம் இருந்தது’ என்பது இயல்பாக எழும் மறுமொழி. இதன் குறையை ஒரு கணக்கால் அறியலாம். எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்தை எழுதி ஒன்றை மீதியாகக் கொள்ள வேண்டும். அந்த மீதியை வழக்கமாக மறப்பவர் 115 என்பார். இயல்பே பொருளைத் தீர்மானிக்கிறது என்றால், அவர் தவறிழைக்கவில்லை, 115ஐத் தரும் வேறொரு செயலைச் சரியாகச் செய்தார் என்று கொள்ள நேரும். இயல்பு அவர் என்ன செய்வார் என்பதைக் கூறும். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறாது. ‘அவர் மீதியை மறந்தார்’ என்று சொல்ல, அவர் இயல்புக்கு அப்பால் ஓர் அளவுகோல் வேண்டும்.

விதிக்கு மேலும் ஒரு விளக்கத்தைச் சேர்ப்பதும் பயன்தராது. அவ்விளக்கத்தையும் பலவாறு கொள்ளலாம். இதனாலேயே 201ஆம் பத்தி, விளக்கமாக அமையாத ஒரு விதிப்புரிதல் உண்டு என்றும், அது விதியைப் பின்பற்றும் செயலில் ஒவ்வொரு முறையும் வெளிப்படுகிறது என்றும் கூறுகிறது. 202ஆம் பத்தி விதி பின்பற்றலை ஒரு நடைமுறை என்கிறது. ஆதலின் பின்பற்றுவதாக எண்ணுவது பின்பற்றுவதாகாது.

சமூகம் இன்றியமையாததா?

அந்தரங்க மொழி மறுப்பின் மையம் 202ஆம் பத்தியிலேயே முடிந்துவிட்டது என்பது கிரிப்கியின் வாசிப்பு. தனித்துக் கருதப்படும் மனிதரிடம் பொருளைத் தீர்மானிக்கும் மெய்ம்மை ஏதுமில்லை. சமூகத்தின் ஏற்பும் திருத்தமுமே ‘அவர் கூட்டலைக் கருதுகிறார்’ என்னும் கூற்றுக்கு இடமளிக்கின்றன என்கிறார் அவர். பேக்கர், ஹேக்கர் ஆகியோர் இதை மறுத்தனர். நடைமுறை என்பது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழும் பயன்பாடு. அது கொள்கையளவில் பிறர் அறியத்தக்கதாக இருந்தால் போதும், பலர் உண்மையில் பங்கேற்க வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

தனித்தீவில் வாழும் ராபின்சன் குரூசோவைக் கொண்டு இவ்வேறுபாட்டைச் சோதிக்கலாம். அவர் தம் நாள்களைக் கோடுகளிட்டுக் கணக்கிடும்போது ஒரு கோட்டை விட்டுவிட்டால், அதைப் பின்னர் அவரே கண்டறிந்து திருத்த வழியுண்டு; கரையேறும் ஒருவரும் அவர் முறையைக் கற்கலாம். அவரது தனிமை சூழலால் நேர்ந்தது. நாட்குறிப்பாளரின் தனிமையோ வரையறையாலேயே விதிக்கப்பட்டது. 115 எழுதியவரிடம் சுட்டிக்காட்டத்தக்க ‘மறந்த மீதி’க்கு ஒப்பான எதுவும் அவர் ஏட்டில் இருக்க இயலாது. எனவே, சமூகம் குறித்த சர்ச்சையில் எப்பக்கம் நின்றாலும் நாட்குறிப்புக்கு எதிரான வாதம் நிலைக்கிறது.

முடிவுரை

இவ்வாதம் அகவுணர்வுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. 270ஆம் பத்தியில் அதே நாட்குறிப்பாளர், ‘எஸ்’ தோன்றும்போதெல்லாம் தம் இரத்த அழுத்தம் உயர்வதைக் கருவியால் அறிகிறார். இனி அவர் கருவியின்றியே அவ்வுயர்வைச் சொல்ல இயலும். கருவி அவர் கூற்றைப் பொய்ப்பிக்கவும் இயலும். ‘எஸ்’ இப்போது ஒரு பயன்பாட்டைப் பெற்றுள்ளது. அவர் கவனத்தின் கூர்மையோ உணர்வின் செறிவோ இதற்கிடையில் மாறவில்லை. பிழை இன்னதென்று சொல்லத்தக்க ஒரு நடைமுறைக்குள் அக்குறி வந்து சேர்ந்திருக்கிறது. அதனோடு அது அந்தரங்க மொழியின் குறியாக இருப்பதும் முடிவுக்கு வருகிறது.